இறங்க வேண்டிய மதிப்பு ஏறியபோது

xᵀAx என்ற இருபடி வடிவத்தின் கிரேடியன்ட் 2Ax என்று மனப்பாடமாகத் தெரியும். அதை வைத்து, கிரேடியன்டுக்கு எதிர்த்திசையில் அடி அடியாக நகர்ந்து சார்பின் மதிப்பைக் குறைக்கும் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். குறைக்க வேண்டிய சார்பு இது:

f = 2x² + 4xy + 4y² − 8x − 12y

இதில் முதல் மூன்று உறுப்புகள்தான் xᵀAx பகுதி; அங்கே x என்பது x, y இரண்டும் சேர்ந்த வெக்டர். அதற்கான அணி A-ஐ இரண்டு கோப்புகளிலிருந்து சேர்த்திருந்தேன். அதனால் xy-இன் கெழு 4 என்பது மேல் வலது மூலையில் 3, கீழ் இடது மூலையில் 1 என்று பிரிந்து உட்கார்ந்துவிட்டது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கூட்டினால் 4 வருகிறதே, f-இன் மதிப்பு எந்தப் புள்ளியிலும் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

(0, 0)-இல் தொடங்கி, அடியின் நீளம் 0.1 என வைத்து ஓட்டினேன். முதல் அடியில் (0.8, 1.2)-க்குப் போய் f = −9.92 ஆனது. அடுத்த அடியில் −9.792. இறங்க வேண்டியது ஏறுகிறது! அடி நீளம் அதிகமோ என்று பாதியாக்கினேன், பத்தில் ஒரு பங்காக்கினேன். கடைசியில் வந்து நிற்கும் இடம் மட்டும் மாறவே இல்லை: (−0.4, 1.6), f = −8. அடி நீளம்தான் காரணம் என்றால் புள்ளி அங்கும் இங்கும் தாவும், அல்லது எங்கோ ஓடிவிடும். இதுவோ அமைதியாக ஒரே இடத்தில் போய் நின்றது. அப்படியானால் திசையே தவறு.

கிரேடியன்டைச் சோதிக்க முதலில் ஆய்லர் தேற்றத்தை எடுத்தேன். xᵀAx இரண்டாம் படி சமபடித்தான சார்பு. ஆகவே அதன் கிரேடியன்டை x-ஓடு புள்ளிப் பெருக்கல் செய்தால் சார்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு வர வேண்டும். (1, 1)-இல் இருபடிப் பகுதியின் மதிப்பு 10. என் 2Ax கொடுத்தது (10, 10). புள்ளிப் பெருக்கல் 20. சோதனை தேறிவிட்டது, அரை நாள் வீணானது.

பிறகு நேரடியாக எண் வகையீடு செய்தேன். இருபடிச் சார்புக்கு ஒரு வசதி உண்டு: புள்ளியின் இருபுறமும் ஒரே தூரம் தள்ளி மதிப்பெடுத்தால், தூரம் எவ்வளவு பெரிதானாலும் வகைக்கெழு துல்லியமாகவே வரும். தூரம் 1 என்றே வைத்துக் காகிதத்தில் போட்டேன். இருபடிப் பகுதி (2, 1)-இல் 20, (0, 1)-இல் 4. வித்தியாசத்தில் பாதி 8. அதேபோல் (1, 2)-இல் 26, (1, 0)-இல் 2, பாதி 12. உண்மையான கிரேடியன்ட் (8, 12). என்னிடம் இருந்ததோ (10, 10).

அப்போதுதான் சூத்திரத்தை முதலிலிருந்து வருவித்துப் பார்த்தேன். x-ஐ h அளவு நகர்த்தினால்,

(x+h)ᵀA(x+h) − xᵀAx = hᵀAx + xᵀAh + hᵀAh

நடுவில் உள்ள xᵀAh வெறும் ஓர் எண். நிரை நிரல் மாற்றினாலும் எண் மாறாது. எனவே அதை hᵀAᵀx என்று எழுதலாம். h-இல் முதல்படியாக மிஞ்சுவது hᵀ(A + Aᵀ)x. ஆக, கிரேடியன்ட் (A + Aᵀ)x. A சமச்சீராக இருந்தால் மட்டுமே இது 2Ax ஆகச் சுருங்கும். நான் மனப்பாடம் செய்திருந்தது சூத்திரத்தின் கடைசி வரியை. அதற்கு முந்தைய வரியில் இருந்த நிபந்தனை நினைவில் நிற்கவில்லை.

ஆய்லர் சோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் இதிலேயே விளங்கியது. எந்தச் சதுர அணியையும் சமச்சீர்ப் பகுதி, எதிர்சமச்சீர்ப் பகுதி என்று இரண்டாகப் பிரிக்கலாம். எதிர்சமச்சீர்ப் பகுதி K-க்கு xᵀKx எப்போதும் 0. அதனால்தான் f-இன் மதிப்பில் அது தெரியவே இல்லை. 2Ax-இல் அது சேர்க்கும் பிழை 2Kx. இந்தப் பிழை x-க்குச் செங்குத்தாகவே இருக்கும். (1, 1)-இல் அது (2, −2). x-ஓடு பெருக்கிப் பார்க்கும் சோதனைக்கு, x-க்குச் செங்குத்தான பிழை எப்படி அகப்படும்? இந்தச் சோதனையை இப்போது நான் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு மாறியையும் தனித்தனியே நகர்த்திப் பார்ப்பதே நம்பகமானது.

திருத்தம் ஒரே வரிதான்:

```python
S = (A + A.T) / 2
```

மூலைகளில் 3, 1 என்று இருந்தவை 2, 2 ஆயின. இனி 2Sx என்று போடலாம், (1, 1)-இல் (8, 12) வந்துவிடும். எண் 4 முழுவதையும் ஒரே மூலையில் வைத்து மறுமூலையை 0 ஆக விடுவதும் இதே தவறுதான். மூலைவிட்டத்தில் உள்ள 2-ஐயும் 4-ஐயும் தொடத் தேவையில்லை.

மறுபடி (0, 0)-இலிருந்து, அதே 0.1 அடியில் ஓட்டினேன். முதல் அடி பழைய இடத்துக்கேதான் போனது, −9.92, தொடக்கத்தில் x பூச்சியம் என்பதால் அணிக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டாவது அடியில் −9.9584. அதன்பின் ஒவ்வொரு அடியிலும் இறங்கிக்கொண்டே வந்து (1, 1)-இல் −10 என்று நின்றது.