ஷார்ட்ஸில் ஆதார வரி: கொடைக்கானல் சூரியப்புள்ளி வீடியோவில் செய்து பார்த்தது

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு ஷார்ட்ஸ் செய்தேன். சூரியப்புள்ளியைச் சுற்றியிருக்கும் மங்கலான வளையத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதை நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்துச் சொன்னவர் அவர். நம்ம மலையில் நடந்த விஷயம். நான் சொல்கிறேன் என்பதற்காக யாரும் நம்பக்கூடாது, அவர்களே தேடிப் பார்க்க வழி இருக்கணும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

முதல் வேலை ஸ்கிரிப்ட்டை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, எதற்கு எது ஆதாரம் என்று பார்ப்பது. வாயு ஓடுகிறது என்பதற்கு எவர்ஷெட்டின் கட்டுரையே போதும். ஏன் அப்படி ஓடுகிறது என்பதற்கு இன்று சொல்லப்படும் காந்தப்புல விளக்கம் அதில் கிடையாது, அது பின்னால் வந்தது. வீடியோ முழுக்க மூலையில் ஒரே ஆதார வரியை ஒட்டி வைத்தால் இரண்டுக்கும் அவரே சாட்சி என்று ஆகிவிடும். அதனால் ஒரு தகவலைப் பேசும்போது மட்டும் அதற்குரிய வரி வந்து போகிற மாதிரி வைத்தேன். காந்தப்புலம் பற்றிய வாக்கியத்துக்குத் தனி வரி.

அவர் கட்டுரைக்கான வரியாகத் திரையில் 'எவர்ஷெட், 1909' மட்டும்தான். வலது ஓரத்தை லைக் பட்டன்களும், அடிப்பக்கத்தைத் தலைப்பும் சேனல் பெயரும் மறைத்துவிடும். அதனால் இடது பக்கம், மேலிருந்து கொஞ்சம் இறக்கி. மெல்லிய எழுத்துருவில் போட்டுப் பார்த்தபோது, குறைந்த தரத்தில் ஓடும்போது 'ட்' மேலிருந்த புள்ளி கரைந்து 'எவர்ஷெட' என்றே தெரிந்தது. தடித்த எழுத்து, பின்னால் லேசான கறுப்புப் பட்டை என்று மாற்றியதும் புள்ளி நின்றது.

முழு விவரம் டிஸ்கிரிப்ஷனில். பூம்பாறையில் ப்ளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவனிடம் காட்டினேன். "அண்ணா, லிங்க்கைத் தொட்டா ஒண்ணும் ஆகல. டைப் பண்ற மாதிரி ஏதாவது குடுங்க" என்றான். உண்மைதான், 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்ட்டிலும் லிங்க் வேலை செய்யாது. நீண்ட முகவரியை எடுத்துவிட்டு, நிமிடக் கணக்கோடு கட்டுரைத் தலைப்பையும் அடையாள எண்ணையும் வைத்தேன்:

```
0:09 Evershed 1909
Radial movement in sun-spots
doi: 10.1093/mnras/69.5.454
```

தலைப்பை டைப் பண்ணித் தேடியே அவன் கட்டுரைக்குப் போய்விட்டான். அது வெளிவந்த இதழின் அந்தக் காலத்துப் பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு, வானியல் கட்டுரைகளைத் திரட்டி வைக்கும் நாசாவின் ஏ.டி.எஸ். தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. வீடியோவை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டிஸ்கிரிப்ஷன் கூடப் போகாது. பெயரும் ஆண்டும் படத்திலேயே பதிந்திருப்பதால் அவை மட்டுமாவது கூடப் போகும், அதை வைத்துத் தேடலாம். பெயரை எடுத்துவிட்டு, டிஸ்கிரிப்ஷனில் பார்க்கச் சொல்லும் ஒரு எண்ணை மட்டும் போட்டால் திரை இன்னும் சுத்தமாக இருக்கும் என்று எடிட்டிங் செய்த நண்பர் சொன்னார். இந்தக் காரணத்துக்காகவே நான் ஒத்துக்கொள்ளவில்லை.