கோடு எங்கே போச்சு?

நேற்று பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து, அவன் மகளுக்காக நான் எழுதிவரும் ராமாயணத்தில் சீதையைத் தூக்கிப்போகிற இடத்தை வாசித்தேன். பாதியிலேயே நிறுத்தி, "அத்தே, லட்சுமணன் போட்ட கோடு எங்க?" என்றாள். பிள்ளை டிவியில் பார்த்தது அப்படி.

வால்மீகியிலும் கோடு இல்லை, கம்பனிலும் இல்லை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வால்மீகியில் ராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பன் அவன் விரல்கூட அவள்மேல் படவிடவில்லை, குடிசையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான்.

சரி, கோட்டையும் வைத்துக்கொள்வோமே என்று முதலில் எனக்கும் சபலம்தான். ஆனால் கோடு வந்தால் அதைத் தாண்டியது சீதையின் குற்றமாகிவிடும், கம்பன் கதைக்கும் அது ஒட்டாது, அங்கே அவள் வெளியே வரவே வேண்டியதில்லை. அப்புறம் அனுமன் திரும்பிவந்து ராமனிடம் சொல்கிற இடம் இருக்கிறதே, உன் தம்பி புல்லால் வேய்ந்த சாலையிலேயேதான் சீதை இருக்கிறாள் என்று! அதை வாசித்ததும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தவள், "அப்போ அந்தக் குடிசை இன்னும் இலங்கையிலயா கெடக்கு?" என்கிறாள்.