பச்சைக் கோடு

ஜனவரி 6, திங்கள்

ஆரஞ்சுப் பட்டை இன்னும் அகலமாகியிருக்கிறது. காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு முன்பே சார்ட்டைத் திறந்து பார்த்துவிட்டேன். கியூமுலேட்டிவ் ஃப்ளோ சார்ட்: எங்கள் ப்ராஜெக்டின் வேலைகள், அதாவது டிக்கெட்டுகள், எந்த நாளில் எத்தனை எந்தக் கட்டத்தில் இருந்தன என்று பட்டை பட்டையாகக் காட்டும். அடியில் பச்சை, முடிந்தவை. அதன் மேல் ஆரஞ்சு, டெஸ்டிங். அதற்கும் மேல் நீலம், டெவலப்மென்ட். நீலம் நவம்பரில் இருந்த தடிமனில்தான் இருக்கிறது. ஆரஞ்சு மட்டும் நவம்பர் கடைசியிலிருந்து ஆப்பு வடிவத்தில் விரிந்துகொண்டே வருகிறது.

ஸ்டாண்ட்-அப்பில் எல்லாரும் "ஆன் ட்ராக்".

ஜனவரி 7, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுந்து சார்ட்டை பிரின்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். (வீட்டில் சிரித்தார்கள்.)

ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் கிடைப்பது எண்ணிக்கை. பச்சையின் மேல்கோடு 140-ல் நிற்கிறது, ஆரஞ்சின் மேல்கோடு 164-ல். நடுவில் 24 டிக்கெட். நவம்பர் நடுவில் இதே இடைவெளி வெறும் 6. ஸ்கேலைப் படுக்க வைத்தால் கிடைப்பது காலம். பச்சைக் கோடு இப்போது நிற்கும் 140-லிருந்து இடப்பக்கம் நேராகப் போனால், டிசம்பர் நடுவில் ஆரஞ்சின் மேல்கோட்டில் முட்டுகிறது. அதாவது இன்று முடிகிற டிக்கெட் ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால் டெஸ்டிங்குக்குள் வந்தது. சராசரிக் கணக்குதான், வரிசையாக வந்தது வரிசையாகப் போனால்.

மேனேஜருக்கு இந்த மூன்று வாரம் போதும். "டெஸ்டிங் மூணு வாரம்னு பிளான்ல போட்டுக்கலாம்மா" என்கிறார்.

ஆனால் மூன்று வாரம் என்பது போனவர்களின் கதை. இன்று உள்ளே நுழைகிற டிக்கெட்டுக்கு முன்னால் 24 பேர் நிற்கிறார்கள், வாரத்துக்கு 5 பேர்தான் வெளியே போகிறார்கள். 24-ஐ 5-ஆல் வகுத்தால் ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த சூத்திரம் இதே வகுத்தல்தான். வரிசையில் இருப்பவர் எண்ணிக்கை என்பது வரும் வேகம் பெருக்கல் காத்திருக்கும் நேரம். ஆனால் அது நீண்டகாலச் சராசரிக்கான கணக்கு. வருவதும் போவதும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் ஒரு சில வாரத் துண்டுக்கு அப்படியே பொருந்தும். எங்களுக்கு வாரம் 8 வருகிறது, 5 போகிறது. இதே வேகத்தில் பட்டை விரியும்போது படுக்கை அளவு நிலைமையைக் குறைத்தே காட்டும். அந்த ஆப்பின் வாய்ப்பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேறு கணக்கு.

ரிலீஸ் பிப்ரவரி 28. ஜனவரி கடைசியில் டெஸ்டிங்குக்குள் வரும் எதுவும் இந்த வேகத்தில் அதில் ஏறாது.

ஜனவரி 8, புதன்

எங்கள் டெஸ்டர் எஸ்.-க்கு கால் வீங்கியிருக்கிறது. நாற்காலிக்கு முன் இன்னொரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அவளுடைய கடைசி வேலை நாள் பிப்ரவரி 14, அதன்பின் மெட்டர்னிட்டி லீவ்.

அவளிடம் எத்தனை டிக்கெட் கையில் இருக்கிறது என்று கேட்டேன். "நாலுதான் அக்கா. மத்ததெல்லாம் என் பேர்ல இருக்கு, நான் தொடவே இல்ல."

டெஸ்டிங் என்று ஒரே ஸ்டேட்டஸ் வைத்திருப்பதன் லட்சணம் இது. காத்திருப்பதும் வேலை நடப்பதும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கின்றன. மதியம், டிக்கெட்டெல்லாம் இருக்கும் ஜிராவில் அதை இரண்டாக உடைத்தேன், "ரெடி ஃபார் டெஸ்ட்", "இன் டெஸ்ட்" என்று. 25-ல் 21 முதலாவதற்குப் போனது. பழைய நாட்களுக்கு இந்தப் பிரிவு வராது. புது நிறம் இன்றிலிருந்துதான் தொடங்குகிறது. பரவாயில்லை.

ஜனவரி 9, வியாழன்

PAY-318 என்ற டிக்கெட் டிசம்பர் 2-லிருந்து டெஸ்டிங்கிலேயே.

ஜனவரி 10, வெள்ளி

மீட்டிங். நவம்பர் 25 அன்று இன்னொரு டெஸ்டரை வேறு ப்ராஜெக்டுக்குத் தூக்கினார்கள், பட்டையும் அந்த வாரம்தான் விரிய ஆரம்பித்தது. ஆகவே கான்ட்ராக்டில் ஒரு டெஸ்டர் எடுக்க வேண்டும் என்று முடிவாகப் போகிறது. தேதி பொருந்துகிறது, எல்லாருக்கும் திருப்தி.

எனக்கு இல்லை. பச்சைக் கோட்டைப் பெரிதாக்கி ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். நவம்பர் 25-க்கு முன் அது சரிவாக ஏறுகிறது, தினமும் ஒன்று, இரண்டு. அதற்குப் பின் படி படியாக ஏறுகிறது. திங்கள் தட்டை. செவ்வாய் சாயங்காலம் இரண்டு மூன்று ஒன்றாக. புதன் தட்டை. வியாழன் மறுபடி ஒரு படி. வெள்ளி தட்டை. ஆறு வாரமும் இதே.

ஆள் குறைந்தால் சரிவு குறையும். படி எதற்கு விழ வேண்டும்? நவம்பர் நடுவில் எஸ். ஒரு வாரம் லீவில் இருந்தாள், ஒரே டெஸ்டர்தான். அந்த வாரமும் பச்சை தினமும் ஏறியது, 7 முடிந்தது. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் ஏறும் கோடு, ஏதோ ஒரு கதவு அந்த நாளில் மட்டும் திறக்கிறது என்கிறது.

யூஏடி சர்வர், வங்கி இணைப்போடு டெஸ்ட் பண்ணும் இடம். நவம்பர் கடைசியிலிருந்து அதை இன்னொரு டீமோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குச் செவ்வாய், வியாழன்.

இரண்டாவது டெஸ்டர் வந்தால் அவரும் செவ்வாய்க்காகக் காத்திருப்பார்.

இடைவெளி 27.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஓ.எம்.ஆர். முழுக்கப் புகை. ஆபீஸில் பாதிப் பேர் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

லீவிலும் போனில் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. எல்லாக் கோடும் தட்டை. இந்த மாதிரித் தட்டையில் பயமில்லை; உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை, பட்டைகள் அப்படியே படுத்திருக்கின்றன. மேல்கோடு ஏறிக்கொண்டே இருக்க, கீழ்க்கோடு மட்டும் தட்டையாவதுதான் நின்றுபோன வேலை.

அம்மா கரும்பு நறுக்கி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு முறை கூப்பிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

கேட்டுவிட்டேன். "ரெடி ஃபார் டெஸ்ட்" பத்துக்குக் கீழே வரும்வரை டெவலப்பர்கள் புது டிக்கெட் எடுக்கக் கூடாது. கையில் இருப்பதை முடிக்கலாம், ரிவ்யூ பண்ணலாம், எஸ்.-க்கு டெஸ்ட் டேட்டா போட்டுத் தரலாம். மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. "டெவலப்பர்ஸ் சும்மா உக்காந்திருந்தா கிளையன்ட்டுக்கு நான் என்னம்மா சொல்றது?"

எஸ்.-ஓடு உட்கார்ந்து 27 டிக்கெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். அதில் 16-க்கு வங்கி இணைப்பே தேவையில்லை. ரிப்போர்ட், ஸ்க்ரீன், ஏற்றுமதி ஃபைல். பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் யூஏடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை இனி எங்கள் சொந்த சர்வரில். மீதி 11-க்கு வங்கி அனுப்பும் பதிலைப் போலவே திருப்பி அனுப்பும் சின்ன ஸ்டப் ஒன்றை ஒரு பையன் எழுதித் தருகிறான். கடைசி ஒரு சுற்று மட்டும் யூஏடியில்.

ஜனவரி 22, புதன்

பச்சை ஒரே நாளில் 9 ஏறியிருக்கிறது!

ஜனவரி 23, வியாழன்

நாளை ஸ்டீரிங் மீட்டிங்காம். அதற்காக ஒருவர் ஒன்பது டிக்கெட்டை மொத்தமாக "டன்" ஸ்டேட்டஸில், அதாவது முடிந்தவற்றில், தள்ளிவிட்டு, கமென்ட்டில் "யூஏடி பெண்டிங்" என்று எழுதியிருக்கிறார். எழுதியதும் நல்லதாகப் போயிற்று, கண்டுபிடிக்க வசதி.

யார் என்று தெரியும். எழுதப்போவதில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஒன்பதும் திரும்பி வந்துவிட்டன. இப்போது சார்ட்டில் பச்சைக் கோடு கீழே இறங்குகிறது. முடிந்தவற்றின் கூட்டுத்தொகை இறங்கவே கூடாது. இறங்கினால் யாரோ முடியாததை முடிந்தது என்று எண்ணியிருக்கிறார்கள். இரண்டு நாள் நீளத்துக்கு ஒரு மேடு. அழிக்க வழியில்லை, ரிலீஸ் வரை அப்படியே தெரியும். தெரியட்டும்.

மேட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வாரத்தில் வந்தது 3, போனது 6. இடைவெளி 24.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று திங்கள். பச்சை ஒன்று ஏறியது. நவம்பருக்குப் பிறகு ஒரு திங்கள்கிழமை ஏறுவது இதுதான் முதல் தடவை. எஸ்.-இடம் காட்டினேன். "ஒண்ணுதானே அக்கா" என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

வந்தது 3, போனது 8. இடைவெளி 19. டெஸ்டர் இன்னும் எஸ். ஒருத்திதான், யாரும் கூடுதலாகச் சேரவில்லை. நவம்பரில் இரண்டு பேர் இருந்தபோதும் 8தான்.

மேனேஜர் பார்ப்பது வேறு கோட்டை. ஆரஞ்சின் மேல்கோடு படுத்துவிட்டது என்கிறார், டெவலப்மென்ட் அவுட்புட் விழுந்துவிட்டது என்கிறார். படுக்க வேண்டும் என்பதற்காகத்தானே நிறுத்தினோம். மேல்கோடு படுத்து கீழ்க்கோடு ஏறினால்தான் இடைவெளி மூடும். இதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. கடைசியில் பலகையில் இரண்டு கோடு கிழித்துக் காட்டினேன். "சரிம்மா, ஒரு வாரம்."

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறு மணி. எஸ். ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள். நான் ஏற்றுமதி ஃபைலை வரி வரியாகப் பார்க்கிறேன். ஒரு கமா. ஒரே ஒரு கமா.

பிப்ரவரி 7, வெள்ளி

வந்தது 4, போனது 9. இடைவெளி 14. வகுத்தால் ஒன்றரை வாரம். படிகள் போய்ச் சரிவு வந்துவிட்டது, பிரின்ட் எடுத்து மேசையில் ஒட்டினேன். கான்ட்ராக்ட் டெஸ்டர் கோரிக்கையை வாபஸ் வாங்கவில்லை. எஸ். லீவில் போகும் பிப்ரவரி 14-க்குப் பிறகு எப்படியும் ஒருவர் வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

பட்டை ஒடுங்குகிறது என்று எல்லாருக்கும் மெயில் போனது. அதே பட்டைக்குள் 318 இருக்கிறது. 68, 69, 70 என்று வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வந்தவை அதைத் தாண்டிப் போய்விட்டன. வங்கித் தரப்பிலிருந்து ஒரு ஒப்புதல் வரவேண்டும், அவ்வளவுதான்.

சார்ட்டுக்கு இது தெரியாது. அது தலைகளை எண்ணுகிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. 14 பேரும் நேற்று வந்தவர்களா, ஒருவர் மட்டும் டிசம்பரிலிருந்து நிற்கிறாரா, இரண்டுக்கும் ஒரே தடிமன்தான். படுக்க வைத்த ஸ்கேல் சொல்வதும் சராசரி, 318-ஐ அது தொடாது. வயதுவாரியாகத் தனிப் பட்டியல் போட்டேன். மேலே 318, அடுத்தது 12 நாள். நடுவில் யாருமே இல்லை.

வங்கிக்கு மறுபடி மெயில்.

பிப்ரவரி 12, புதன்

நீலம்.

நீலம் 9 இருந்தது, இன்று 15. ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை. புதிது எடுக்காதீர்கள் என்றதற்கு எடுக்காமல் இல்லை, எடுத்துவிட்டுத் தள்ளாமல் வைத்திருக்கிறார்கள். நீலத்தின் மேல்கோடு போன வாரமே நிமிர்ந்திருக்கிறது, பின்னோக்கிப் பார்த்தால் தெரிகிறது. ஆளுக்கு இரண்டரை டிக்கெட். ஒருவனிடம் கேட்டேன், "டெஸ்டிங்ல இடம் வந்ததும் தள்ளலாம்னு வெச்சிருக்கேன்க்கா" என்கிறான்.

அதாவது ரெடி ஃபார் டெஸ்டில் குறைந்த வரிசையில் ஒரு பங்கு மாடி மாறி நீலத்தில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பங்கு என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

நீலத்தையும் இரண்டாக உடைத்தாயிற்று. 15-ல் 6 வேலை முடிந்து கையில் பிடித்து வைத்தவை. ஆறையும் இன்றே ரெடி ஃபார் டெஸ்டுக்கு நகர்த்தச் சொல்லிவிட்டேன், 14 மறுபடி 20 ஆனாலும் சரி. மேனேஜர் போன் எடுக்கவில்லை.

எஸ். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவள் பார்க்கும் விதம், ஸ்டப்பை எந்த வரிசையில் ஓட்டுவது, எந்த ஃபைலில் கமா போகும். கையெழுத்து அழகு. நாளை அவளுக்குக் கேக் வெட்டுகிறார்கள், நான்கு மணிக்கு. ஐந்து மணிக்கு வங்கியோடு கால். 318.