டியூஷன் மதிப்பெண்ணைக் குறைக்கிறதா?

மார்ச் 4

இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஆய்வறிக்கையின் முதல் வரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளி மாணவர்கள் 240 பேரிடம் வினாத்தாள் கொடுத்து நிரப்பி வாங்கியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் முடிவு: "டியூஷன் மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது." டியூஷன் போகும் 128 பேரின் அரையாண்டுத் தேர்வுச் சராசரி 57. போகாத 112 பேருக்கு 71. இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு −0.49, p மதிப்பு 0.001க்கும் கீழே.

நானே மறுபடி போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பே இல்லை. எண்ணுக்குக் கீழே எழுதிய வாக்கியத்தில்தான் தப்பு. டியூஷன் போவோருக்கும் போகாதோருக்கும் வித்தியாசமே இல்லையென்றால் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வருவது அரிது, அவ்வளவுதான் p மதிப்பு சொல்கிறது. அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

அறிக்கையை மூடி வைத்துவிட்டு, நிரப்பிய வினாத்தாள் கட்டை அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 5

9ஆம் கேள்வி: "டியூஷன் போகிறீர்களா?" நிகழ்காலம். மதிப்பெண்ணோ நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்த தேர்வினுடையது. இதை அவளும் கவனிக்கவில்லை, முதல் வாசிப்பில் நானும் கவனிக்கவில்லை.

நல்லவேளை, 10ஆம் கேள்வியில் "எத்தனை மாதங்களாக?" என்று கேட்டிருக்கிறாள். புரட்டிக்கொண்டே போனேன். 2, 3, 1, 3. ஒரு பையன் எண்ணே போடாமல் "ரிசல்ட் வந்ததும் சேர்த்துவிட்டார்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தான். அப்படித் தேர்வுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் மொத்தம் 28 பேர். இவர்கள் விஷயத்தில் குறைந்த மதிப்பெண்தான் டியூஷனைக் கொண்டுவந்திருக்கிறது.

28 பேரையும், தேர்வு நாளில் எந்தப் பக்கம் இருந்தார்களோ அந்தப் பக்கத்துக்கே, அதாவது போகாதவர்கள் பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். இப்போது 100 பேர், 140 பேர். சராசரி 58, 67. கெழு −0.30.

"குறைஞ்சாலும் இன்னும் மைனஸ்லதானே இருக்கு மேடம்?" என்றாள். சரிதான்.

மார்ச் 7

இன்று அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். 14ஆம் கேள்வியில் போன ஆண்டு இறுதித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், அறிக்கையில் எங்கும் பயன்படுத்தவில்லை. அந்த மதிப்பெண்ணுக்கும் இந்த ஆண்டு டியூஷனுக்கும் அதே கெழுவைப் போடு என்றேன். அந்த 100 பேரும் இந்தக் கல்வியாண்டில்தான் சேர்ந்தவர்கள். பழைய ஆட்களை அவள் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டாள்.

விடை −0.46.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "இந்த வருஷ டியூஷன் எப்படி மேடம் போன வருஷ மார்க்கைக் குறைக்கும்?" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. கேள்வி அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

மூன்றாவது காரணம் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இந்தச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. எந்த விளைவை இந்தக் காரணம் உண்டாக்கியிருக்கவே முடியாதோ, அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் உறவு தெரிந்தால், இரண்டு கூட்டமும் ஆரம்பத்திலிருந்தே வேறுவேறு என்று அர்த்தம். இங்கே படிப்பில் பின்தங்கியவர்களைத்தான் டியூஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மருந்து சாப்பிடுகிறவர்களில் நோயாளிகள் அதிகம் என்பதால் மருந்துதான் நோயைத் தருகிறது என்று சொல்வோமா?

மார்ச் 8

போன ஆண்டு 60க்குக் கீழே எடுத்தவர்கள் 120 பேர், 60உம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 120 பேர். தனித்தனியாகப் பிரித்தோம்.

கீழ்ப் பிரிவில் டியூஷன் போன 80 பேரின் சராசரி 54, போகாத 40 பேருக்கு 50. மேல் பிரிவில் போன 20 பேருக்கு 76, போகாத 100 பேருக்கு 74. இரண்டு பிரிவிலும் டியூஷன் போனவர்களே முன்னால். மொத்தமாகச் சேர்த்தால் மட்டும் பின்னால்.

அவள் நம்பவில்லை. தாளில் கையாலேயே கூட்டிப் பார்த்தாள். டியூஷன் கூட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கீழ்ப் பிரிவு. மற்ற கூட்டத்தில் ஏழில் இரண்டு பேர்தான் கீழ்ப் பிரிவு. சராசரியை இழுத்தது இந்தக் கலவை. இரண்டு கூட்டத்திலும் இரு பிரிவும் சரிபாதியாக இருந்தால் என்னவென்று கணக்கிட்டோம்: 65, 62.

மார்ச் 11

நான் பயந்தது நடந்துவிட்டது. புது வரைவு வந்திருக்கிறது: "டியூஷன் மதிப்பெண்ணை 3 கூட்டுகிறது." தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

மேல் பிரிவை முதலில் பார்த்தோம். அங்கே டியூஷன் பக்கம் இருப்பது 20 பேர்தான். வித்தியாசம் 2 என்றாலும், உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லையைச் சொல்லும் 95% நம்பிக்கை இடைவெளி −2இலிருந்து +6 வரை போகிறது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கீழ்ப் பிரிவின் 4 கொஞ்சம் திடமானது. ஆனால் "60க்குக் கீழே" என்பது அகலமான கூடை. 30 எடுத்தவனும் 59 எடுத்தவளும் அதில்தான் இருக்கிறார்கள். கூடைக்குள்ளேயே போன ஆண்டுச் சராசரியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். டியூஷன் போனவர்கள் 49, போகாதவர்கள் 47. ஆக, அந்த 4இல் பாதி வரை ஆரம்பத்திலேயே இருந்த வித்தியாசமாக இருக்கலாம்.

போதாக்குறைக்கு, போன ஆண்டு மதிப்பெண் பிள்ளைகள் நினைவிலிருந்து எழுதியது. 14ஆம் கேள்வியின் விடைகளை வரிசையாகப் பார்த்தால் 45, 50, 55, 60 என்று 0இலும் 5இலும் முடிவதே ஏராளம். தோராயமான எண்ணை வைத்துப் பிரித்தால் பிரிவும் தோராயமாகத்தான் இருக்கும். வீட்டு வருமானம், பெற்றோரின் அக்கறை, பிள்ளையின் சொந்த ஆர்வம் எதையும் அவள் கேட்கவே இல்லை. கேட்காததைக் கணக்கில் கழிக்க வழியில்லை.

மார்ச் 12

இன்று கோபமாக வந்தாள். "அப்போ சர்வேயை வச்சு எதையுமே சொல்ல முடியாதா? சிகரெட்டால கேன்சர் வரும்னு மட்டும் எப்படிச் சொன்னாங்க?"

நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் மருத்துவமனை நோயாளிகளிடம் விசாரித்து, புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளியிட்டபோது இதே சந்தேகம்தான் எழுந்தது. புள்ளியியலின் பெரிய தலையான ஃபிஷரே பின்னாளில், புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோய் தருவதும் ஒரே மரபுக்கூறாக இருக்கலாமே என்று வாதாடினார். தர்க்கம் சரி, முடிவு தப்பு.

டாலும் ஹில்லும் 1951இல் வேறு வழியில் போனார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்கள் சுமார் 40,000 பேரிடம் புகைப்பழக்கத்தை முதலில் எழுதி வாங்கிவிட்டு, யார் எந்த நோயில் இறக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் காத்திருந்து பார்த்தார்கள். காரணம் முன்னால், விளைவு பின்னால். அதிகம் புகைத்தவர்களுக்கு ஆபத்து அதிகம், நிறுத்தியவர்களுக்குக் குறைந்தது. 1959இல் புள்ளியியலாளர் கார்ன்ஃபீல்டும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: புகைப்பவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதை முழுவதும் ஒரு மறைகாரணத்தின் தலையில் கட்ட, அது புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை.

"உன் 4 மதிப்பெண்ணைக் கவிழ்க்க எவ்வளவு பெரிய மறைகாரணம் வேணும், நீயே சொல்லு" என்றேன்.

"ரொம்பச் சின்னதே போதும் மேடம்" என்று சிரித்துவிட்டாள்.

மார்ச் 15

மூன்றாவது வரைவு. முடிவுப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது: "டியூஷன் செல்வோரின் சராசரி குறைவாக இருப்பதற்கு, முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அதிகம் சேர்வதே பெரும்பகுதிக் காரணமாகத் தெரிகிறது. டியூஷனால் மதிப்பெண் கூடுகிறதா, குறைகிறதா என்பதை இந்தத் தரவு தீர்மானிக்காது." "பெரும்பகுதிக் காரணமாகத் தெரிகிறது" என்ற இடத்தில் பென்சிலை வைத்து யோசித்தேன். முன் மதிப்பெண்ணைச் சமப்படுத்தியதும் இடைவெளி மறைந்து மறுபக்கம் போய்விட்டதால், விட்டுவிட்டேன்.

பின்னிணைப்பில் அடுத்த சுற்றுக்கான வினாத்தாளையும் வைத்திருக்கிறாள். 9ஆம் கேள்வி மாறியிருக்கிறது: "டியூஷனில் எந்த மாதம் சேர்ந்தீர்கள்? யார் சேரச் சொன்னார்கள், ஏன்?" பதில் எழுத நான்கு வரி இடம் விட்டிருக்கிறாள்.