இரவு பதினொன்றே முக்காலுக்கு வந்த விடுப்புச் செய்தி

பால் குளிரூட்டும் நிலையத்தில் காலை ஷிஃப்ட் நாலரை மணிக்குத் தொடங்கும். ஐந்தரைக்கு முதல் கேன் வாசலுக்கு வந்துவிடும். அதற்குள் டேங்கின் வெப்பநிலையைப் பார்த்து, கலக்கியை ஓடவிட்டு, கொட்டும் தொட்டியையும் வடிகட்டியையும் வெந்நீரில் அலசி, பால் பரிசோதனை எந்திரத்தைச் சூடேற்றித் தயாராக வைக்க வேண்டும். மாட்டின் மடியிலிருந்து இறங்கிய பால் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே இந்த வேலையில் இரவில் வருகிற விடுப்புச் செய்தி என்பது, வேலையையே கைமாற்றிக் கொடுக்கும் ஒரு குறிப்பு. மானூர் வட்டாரத்தில் ஒரு தனியார் நிலையத்துக்குப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் எனக்கு வந்த அப்படிப்பட்ட ஒரு செய்தியைப் பற்றி எழுதுகிறேன். அதில் வருகிற ஆட்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

அது சித்திரை மாதம். பகல் வெயிலும் மாலையில் இறங்கிவிடுகிற மின்னழுத்தமும் சேர்ந்து கம்ப்ரசரைப் பாடாய்ப்படுத்தும். இரவு பதினொன்றே முக்காலுக்குக் காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் தம்பியிடமிருந்து இந்தச் செய்தி வந்தது:

"சார், நாளை காலை நாலரை ஷிஃப்டுக்கு என்னால் வர முடியாது. ஒன்பது மணியிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். மாலை ஷிஃப்ட் அண்ணனிடம் பேசிவிட்டேன், நாலரைக்கு வர ஒத்துக்கொண்டார், ஆனால் எட்டு மணி வரைதான். டேங்க் ஒன்பதரைக்கு 9 டிகிரியில் இருந்தது, கம்ப்ரசர் இருமுறை நின்றிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணாச்சி பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு மீட்டரைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். 9க்கு மேல் ஏறினால் போன் செய்வார், பேனலைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கீழத்தெரு சென்டர் பாலில் இன்று காலை லேசான புளிப்பு வாடை இருந்தது. டெஸ்டில் தேறியது. நாளை அந்த நான்கு கேனையும் கடைசியில் தனித்தனியாக டெஸ்ட் செய்து எடுக்கச் சொல்லுங்கள். எந்திரம் ஃபேட் கூடுதலாகக் காட்டுகிற மாதிரி இருக்கிறது, கெர்பர் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் கிடைக்கவில்லை, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். லேப் சாவி வாட்ச்மேனிடம். பத்து நாள் பில் பதிவு சனிக்கிழமை வரை நிற்கலாம். ஒரு தடவை ரிங் விடுகிறேன், எடுக்க வேண்டாம்."

போன் ஒருமுறை அடித்து நின்றது. நான் எழுந்து படித்தேன். அந்த ஒற்றை ரிங் இல்லையென்றால் இந்தச் செய்தியை நான் நாலு மணிக்குத்தான் பார்த்திருப்பேன். அப்போது செய்வதற்கு மிச்சம் எதுவும் இருந்திருக்காது. இரவில் அனுப்பும் செய்தியை மேலாளர் படித்துவிட்டாரா என்பது அனுப்பியவரின் கவலையாகவும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உடம்பு முடியாதவரை வரிசையாகப் போனில் பேசவைப்பதும் நியாயமில்லை. ஒரு ரிங் விடுவது இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி.

முதல் இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். எந்த ஷிஃப்ட், வர முடியுமா முடியாதா, என்ன உடம்புக்கு. "உடம்பு சரியில்லை, பார்த்துக்கொண்டு சொல்கிறேன்" என்று வரும் செய்திகள் எனக்கு ஏராளம் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தபிறகு மாற்று ஆளைக் கூப்பிடுவதா, காத்திருப்பதா என்று விளங்காது. நோயின் பெயரைச் சொல்வது மற்ற வேலைகளில் அவரவர் விருப்பம். உணவைக் கையாளும் இடத்தில் அப்படியில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய விதிமுறைகள், 2011 இல் உள்ள நான்காம் அட்டவணை, வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, காய்ச்சல் போன்றவை இருந்தால் தொழிலாளி நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்டவரை உணவைத் தொடும் வேலையில் வைக்கக் கூடாது. ஆகவே "வயிற்றுப்போக்கு" என்று அவர் எழுதிய சொல்லிலேயே முடிவு அடங்கியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு மணிக்காவது வந்துவிடு என்று நான் கேட்பதற்கே இடமில்லை. அவர் இதை எங்கள் குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பியதும் சரியே. வேலை பற்றிய வரிகளை மட்டும் நான் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பினேன். வயிற்று உபாதை ஊரெல்லாம் தெரிய வேண்டிய செய்தி இல்லை.

எழுத்தில் வந்ததும் பெரிய உதவி. இது குரல் பதிவாக வந்திருந்தால் மாலை ஷிஃப்ட் அண்ணன் நாலரை மணிக்குக் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒன்பதா பத்தா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி இதன் உயிர்நாடிக்கு வருகிறேன். நிலுவை வேலைகளை அவர் மூன்று விதமாகப் பிரித்திருந்தார்: ஒத்துக்கொண்ட ஆள் இருக்கும் வேலை, ஆள் இல்லாத வேலை, காத்திருக்கக் கூடிய வேலை. மாலை ஷிஃப்ட் அண்ணனை "பார்த்துக்கொள்வார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. பேசியதையும், ஒத்துக்கொண்டதையும், எட்டு மணி என்ற எல்லையையும் எழுதியிருந்தார். இரவு ஒன்பதரைக்கு வேலை முடித்துப் போனவர் மறுபடி நாலரைக்கு வருகிறார் என்றால் இடையில் அவருக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம்தான். அதில் பயணமும் அடக்கம். அந்த எல்லை எனக்கு முன்கூட்டியே தெரிந்ததால், ஒன்பது மணிக்கு டேங்கர் வரும்போது மாதிரி எடுத்து சீல் வைக்க அலுவலகப் பொறுப்பில் இருந்த அக்காவை எட்டுக்கே வரச் சொல்ல முடிந்தது.

வாட்ச்மேனுக்குக் கொடுத்த வேலையும் அளந்து கொடுத்த வேலை. எங்கள் டேங்கில் மாலைப் பால் இரவு முழுக்க இருக்கும். காலைப் பால் அதன் மேலேயே வந்து விழும். கிராமங்களிலிருந்து வரும் காலைப் பால் முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும். உள்ளே இருப்பது 4 டிகிரிக்கு இறங்கியிருந்தால்தான் இரண்டும் கலக்கும்போது வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டாமல் பிடிக்க முடியும். ஆகவே இரவில் அது இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதைப் படம் எடுக்க அண்ணாச்சிக்குப் பயிற்சி தேவையில்லை. ஆனால் நின்றுபோன கம்ப்ரசரைக் குறைந்த மின்னழுத்தத்தில் பேனலில் அழுத்தி அழுத்தி ஓட்டினால் மோட்டார் கருகிவிடும். அதனால்தான் "தொட வேண்டாம்". பன்னிரண்டு மணிப் படத்தில் 7, இரண்டு மணிக்கு 5, நான்கு மணிக்கு 4 என்று இறங்கியிருந்தது. ஏறியிருந்தால் ஜெனரேட்டரைப் போட நானே போயிருக்க வேண்டும்.

கீழத்தெரு பாலைப் பற்றிய வரியை நான் மிகவும் மதிக்கிறேன். லாக் புத்தகத்தில் அன்றைக்கு "தேறியது" என்றுதான் இருந்தது. புளிப்பு வாடை அவர் மூக்குக்கும் நினைவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. மறுநாள் அந்த நான்கு கேன்களையும் கடைசிக்குத் தள்ளி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தோம். மூன்று குழாய்களில் பால் வழுவழுப்பாகவே வழிந்தது. நான்காவதைச் சாய்த்தபோது கண்ணாடியின் உட்புறத்தில் திரிந்த பால் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு நின்றது. புளிப்பு ஏறிய பால் சூட்டில் அப்படித்தான் திரியும். அந்தக் கேனைத் திருப்பி அனுப்பினோம். வழக்கம்போல நான்கையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒரு மாதிரியை எடுத்திருந்தால் அது திரிந்தது கண்ணில் படாமலே போயிருக்கலாம். நாற்பது லிட்டர் புளித்த பால் இரவெல்லாம் குளிர்ந்த டேங்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் அந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, "அதற்கு ஆள் கிடைக்கவில்லை" என்பதுதான். பொதுவாக இதை எழுத எல்லோருக்கும் தயக்கம். ஏதோ ஒரு பெயரைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று தோன்றும். பெயர் போடப்பட்டவருக்கோ விஷயமே தெரியாது. காலையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பரிசோதனை எந்திரம் ஃபேட்டை, அதாவது பாலின் கொழுப்பளவை, தப்பாகக் காட்டினால் பால் ஊற்றுகிறவர்களின் பணம் தப்பாகும். சரிபார்க்க கெர்பர் முறைதான் வழி: குழாயில் 10 மி.லி. கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால். பிறகு மூடி குலுக்கி, எந்திரத்தில் சுழற்றி, கொழுப்பு மேலே திரண்டு நிற்கும் அளவைப் படிக்க வேண்டும். அமிலத்தில் கை பழகாதவரை நாலரை மணிக்கு அங்கே நிறுத்தக் கூடாது. மாலை ஷிஃப்ட் அண்ணனுக்கு அது பழக்கமில்லை. இதைப் பதினொன்றே முக்காலுக்கே தெரிந்துகொண்டதால், அலாரத்தை நாலு மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். ஐந்தேகாலுக்கு நிலையத்தில் இருந்தேன். எந்திரம் 4.1 காட்டிய மாதிரியில் கெர்பர் 3.9 தந்தது. அன்று எல்லா சென்டர் மாதிரிகளையும் கெர்பரிலேயே போட்டோம். மெக்கானிக் மதியம் வந்து எந்திரத்தைச் சரிசெய்தார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்று ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால்தான் விடுப்பு என்று சில இடங்களில் எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். ஆளை ஏற்பாடு செய்வது பொறுப்பாளரின் வேலை. அந்தத் தம்பி மாலை ஷிஃப்ட் அண்ணனிடம் பேசியது அவர்களுக்குள் இருந்த பழக்கத்தினால். பேசாமல் விட்டிருந்தாலும் அவர் பக்கம் குறை ஏதும் இல்லை. நோயாளியிடம் நான் கேட்க உரிமையுள்ளது அவருக்கு மட்டும் தெரிந்தவற்றைத்தான்: டேங்க் எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கேனைச் சந்தேகிக்க வேண்டும், சாவி எங்கே, எது காத்திருக்கும். வாந்திக்கு நடுவில் எழுத முடிந்தது அவ்வளவுதான் என்றால், ஆள் பெயர் ஒன்றுகூட இல்லாமல் அதை மட்டும் எழுதினால் போதும்.

நான் அன்றிரவு அனுப்பிய பதிலும் சிறியது. "பார்த்துவிட்டேன். கெர்பருக்கு நான் வருகிறேன். டேங்கரை அக்கா பார்ப்பார். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள், போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்." பார்த்தாயிற்று என்று தெரியாவிட்டால் அவர் மணிக்கொருதரம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் மாலை, "நின்றுவிட்டது சார், நாளை வரவா" என்று கேட்டார். வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்ற பிறகு 48 மணி நேரம் கழித்தே உணவைத் தொடும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது பல இடங்களில் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை. அறிகுறி நின்ற பின்னும் கிருமி சிறிது காலம் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னேன். அந்த இரண்டு நாளுக்கும் காலை ஷிஃப்டுக்கு வேறு நிலையத்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்தேன். மாலை ஷிஃப்ட் அண்ணனை மூன்றாவது நாளும் ஏழு மணி நேர இடைவெளியில் ஓட்ட எனக்கு மனமில்லை.