30 பந்தில் 30 ரன்

ஸ்கோர்கார்டு ஆட்களின் வரிசையில் எழுதப்படுவது. முதலில் யார் மட்டையோடு வந்தார், எத்தனை அடித்தார், எப்படிப் போனார், பிறகு அடுத்தவர். ஆட்டமோ ஓவர் ஓவராக நடந்தது. ஆட்டச் செய்தி எழுதுகிறவனுக்கு இருக்கிற தலைவலி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆள்வாரியாக அடுக்கி வைத்ததைப் பிரித்து நேரவாரியாகத் திருப்பி அடுக்காவிட்டால், எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் அட்டவணையைத்தான் வாசித்துக் காட்டுகிறோம்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சின்ன வார இதழில் விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பு. வார இதழ் என்பதால் எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாங்கள் அச்சாகி வரும்போது முடிவு ஊருக்கே தெரிந்திருக்கும். செக்காலைப் பக்கக் கடையில் டீ குடிக்கிறவரிடம் போய் யார் ஜெயித்தார்கள் என்று சொன்னால் சிரிப்பார். எப்படி ஜெயித்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பார். அதுவும் நாலு பேருக்குக் கேட்க ஒருவர் சத்தமாகப் படிக்கிற இடம் அது. ஒரே வாக்கியத்தில் எண்கள் மூன்றைத் தாண்டினால் படிக்கிறவர் ‘அது கிடக்கட்டும்’ என்று அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார். பார்த்திருக்கிறேன்.

2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தியா 176, தென்னாப்பிரிக்கா 169. அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி எழுதிக்கொண்டு வந்த பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

“தென்னாப்பிரிக்க அணியில் ஹென்ட்ரிக்ஸ் 4, மார்க்ரம் 4, டி காக் 31 பந்துகளில் 39, ஸ்டப்ஸ் 21 பந்துகளில் 31, கிளாசன் 27 பந்துகளில் 52, மில்லர் 17 பந்துகளில் 21 ரன்கள் எடுத்தனர். இந்தியத் தரப்பில் ஹர்திக் 20 ரன்களுக்கு 3, பும்ரா 18 ரன்களுக்கு 2, அர்ஷ்தீப் 20 ரன்களுக்கு 2, அக்சர் 49 ரன்களுக்கு 1 விக்கெட் வீழ்த்தினர்.”

ஒரு எண்கூடத் தப்பில்லை. பதினெட்டு எண்கள், இரண்டே வாக்கியங்கள். படித்து முடித்ததும் ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. தமிழில் வினை கடைசியில் வருவது இதை இன்னும் கெடுக்கிறது. ‘எடுத்தனர்’ என்ற சொல் வந்து சேரும்வரை வாசகர் பத்து எண்களைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

எங்களிடம் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளவயதில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். எல்லோருக்கும் ‘கணக்கய்யா’தான். அவர் அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, முதலாளிகிட்ட போய்ப் பேரேட்டை வாசிக்கக் கூடாது. லாபமா நட்டமா, எந்தக் கடையில, எப்ப இருந்து. இந்த மூணையும் சொல்லிட்டு நிக்கணும். மிச்சத்தை அவுக கேட்டா ஐந்தொகையை எடுத்துக் காட்டலாம்.”

அவர் கேட்ட மூன்றில் ‘எப்ப இருந்து’ என்பதுதான் கஷ்டமானது. மட்டையாளர் பட்டியலிலோ பந்துவீச்சுப் பட்டியலிலோ அதற்குப் பதில் கிடையாது. ஸ்கோர்கார்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி கீழே பொடி எழுத்தில் இருக்கும்: எந்த ஸ்கோரில், எந்தப் பந்தில் விக்கெட் விழுந்தது என்ற வரி. நேரம் இருப்பது அங்கே மட்டும்தான். நான் தம்பியிடம் முதலில் காட்டியதும் அதைத்தான்.

அந்த இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் நான்காவது விக்கெட் 106 ரன்னில், 12.3 ஓவரில் விழுந்தது. ஐந்தாவது, கிளாசன், 151 ரன்னில், 16.1 ஓவரில். இந்த 12.3 தசம எண் இல்லை என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 12 ஓவர் முடிந்து 3 பந்து, அதாவது 75-வது பந்து. 16.1 என்பது 97-வது பந்து. கழித்துப் பாருங்கள்: இடையில் 22 பந்துகள், 45 ரன். கிளாசன் போன பிறகு ஆட்டம் முடியும்வரை 23 பந்துகள், 18 ரன். ஏறக்குறைய ஒரே அளவு பந்துகள், பாதிக்கும் குறைவான ரன். ஆட்டம் எங்கே மடங்கியது என்பது இரண்டு கழித்தலில் தெரிந்துவிடுகிறது.

மடங்கிய இடம் தெரிந்தால் அதைச் சுற்றி மட்டும் ஓவர் ஓவராகப் பார்த்தால் போதும், இருபது ஓவரையும் தோண்ட வேண்டியதில்லை. 15-வது ஓவரில் அக்சர் படேல் 24 ரன் கொடுத்தார். அதன் முடிவில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கையில் ஆறு விக்கெட். அடுத்த ஓவரில் பும்ரா 4 ரன் கொடுத்தார். ஹர்திக் 4 கொடுத்து கிளாசனை எடுத்தார். பும்ரா மறுபடி வந்து 2 கொடுத்து ஒரு விக்கெட். அர்ஷ்தீப் 4. ஆக, கடைசி ஓவரில் 16 தேவை என்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஆசை வரும். 30 பந்தில் 30, 24-ல் 26, 18-ல் 22, 12-ல் 20, 6-ல் 16 என்று படிக்கட்டு மாதிரி அழகாக இறங்குகிறதே, அப்படியே போட்டுவிடலாம் என்று தோன்றும். தம்பிக்கும் தோன்றியது. முதல் படியும் கடைசிப் படியும் போதும் என்றேன். பந்துக்கு ஒரு ரன் என்றிருந்தது பந்துக்கு இரண்டரைக்கு மேல் போய்விட்டது என்பது அந்த இரண்டிலேயே விளங்கிவிடுகிறது. நடுவில் உள்ளவற்றைப் படிக்கிறவர் தானே நிரப்பிக்கொள்வார். கடைசியில் அச்சானது இது:

“15-வது ஓவரில் அக்சர் படேல் 24 ரன் கொடுத்தபோது ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது போலத்தான் இருந்தது. கிளாசனும் மில்லரும் களத்தில் நிற்க, தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும். அடுத்த நான்கு ஓவர்களில் பும்ரா, ஹர்திக், அர்ஷ்தீப் மூவரும் சேர்ந்து கொடுத்ததே 14 ரன்தான். கிளாசனும் அதற்குள் ஆட்டமிழந்தார். கடைசி ஓவரில் 16 ரன் தேவை. முதல் பந்தையே மில்லர் தூக்கி அடித்தார். சிக்ஸருக்குப் போக வேண்டியதை எல்லைக் கோட்டருகே சூர்யகுமார் பிடித்தார். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் வென்றது.”

மில்லரின் அந்தப் பிடி ஸ்கோர்கார்டில் ‘பிடி சூர்யகுமார், பந்து ஹர்திக்’ என்று, மற்ற எந்தச் சாதாரணப் பிடியையும் போலத்தான் பதிவாகியிருக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து பிடித்தார் என்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. அதை ஆட்டத்தைப் பார்த்தவர்தான் சேர்க்க முடியும். பார்க்காதவர் சேர்க்கக் கூடாது. ‘பதற்றத்தில் விழுந்தார்’, ‘பொறுப்பில்லாமல் ஆடினார்’ போன்ற வரிகளை நான் அடித்துவிடுவதும் இதனால்தான். 17 பந்தில் 21 என்ற எண்ணில் பதற்றம் தெரியாது.

மொத்த எண் ஆளை ஏமாற்றும் என்பதற்கு இதே ஆட்டத்தில் இன்னொரு உதாரணம் அக்சர். 4 ஓவரில் 49 ரன் என்றதும் மோசமான பந்துவீச்சு என்று எழுதத் தோன்றும். அந்த ஓர் ஓவரைத் தள்ளினால் மீதி மூன்றில் 25 ரன்தான். மட்டையில் அவர் எடுத்த 47 வேறு. கோலியின் 76-ம் அப்படித்தான். 59 பந்தில் 76 என்றால் ஒரே சீராக ஓடியது போலத் தெரிகிறது. உண்மையில் அரை சதத்துக்கு 48 பந்து. அதன்பின் 11 பந்தில் 26. ஒரே ஆட்டக்காரர், இரண்டு வேறு வேலைகள். எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தத் துண்டை மட்டும் கொடுக்க வேண்டும்.

ஸ்ட்ரைக் ரேட், எக்கானமி போன்றவற்றை நான் பெரும்பாலும் பக்க ஓரத்து அட்டவணைப் பெட்டிக்குள் தள்ளிவிடுவேன். கிளாசனின் ஸ்ட்ரைக் ரேட் 192.59 என்று எழுதி யாருக்கு என்ன லாபம்? ‘பந்துக்கு ஏறக்குறைய இரண்டு ரன்’ என்றால் சத்தமாகப் படிக்கவும் வருகிறது. பும்ராவின் எக்கானமி 4.50 என்பதும் தனியாக நின்றால் ஒன்றும் பேசாது. ‘மற்றவர்கள் சராசரியாக ஓவருக்கு 9-க்கு மேல் கொடுத்த நாளில் பும்ரா நாலரைதான் கொடுத்தார்’ என்று பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தினால் அது பேசுகிறது. அதற்காக எல்லாவற்றுக்கும் ஒப்பீடு போட்டால் மறுபடி எண் வெள்ளம்தான். பத்திக்கு ஒன்று போதும்.

உள்ளூர் ஆட்டங்களில் பாடு வேறு. தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் விடுமுறையில் நடக்கும் போட்டிகளின் ஸ்கோர் நோட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவார்கள். முதலில் கூட்டிப் பார்ப்பேன். மட்டையாளர்களின் ரன்னும் உதிரியும் சேர்ந்து மொத்தத்துக்கு வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்ததோடு பையும் லெக் பையும் சேர்த்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். இரண்டாவது கூட்டல்தான் அடிக்கடி இடிக்கும். வைடையும் நோ பாலையும் உதிரியில் மட்டும் குறித்துவிட்டு, பந்துவீச்சாளர் கணக்கில் ஏற்ற மறந்திருப்பார்கள். இடித்தால் யார் எவ்வளவு சிக்கனமாக வீசினார் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். மொத்தத்தையும் மட்டையாளர் ரன்னையும் வைத்து எழுதிவிடுவேன்.

விக்கெட் விழுந்த ஸ்கோரை எழுதியிருப்பார்கள், ஓவரை எழுதியிருக்க மாட்டார்கள். 60-க்கு 2 என்றிருந்தது 75-க்கு 7 ஆனது என்று தெரியும். அந்த 15 ரன்னுக்கு மூன்று ஓவர் ஆனதா, எட்டு ஓவர் ஆனதா தெரியாது. அப்போது ‘மளமளவென்று விழுந்தன’ என்று எழுத எனக்கு உரிமையில்லை. ‘15 ரன் சேர்ப்பதற்குள் ஐந்து விக்கெட்’ என்று எழுதலாம், அதற்குச் சாட்சி இருக்கிறது. இப்போது ஸ்கோர் எழுதும் பையன்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: விக்கெட் விழும்போது ஸ்கோருக்குப் பக்கத்தில் ஓவரையும் பந்தையும் போட்டுவிடு. சில பேர் போடுகிறார்கள். போடாதவர்களுக்குப் போன் செய்தால், “அண்ணே, பத்தாவது ஓவர் மாதிரி இருக்கும்ணே” என்கிறார்கள். அந்த ‘மாதிரி’யை நான் அச்சில் ஏற்றுவதில்லை.

முழு அட்டவணையை நாங்கள் விட்டுவிடுவதில்லை. பக்கத்தின் ஓரத்தில் பெட்டி கட்டிப் போடுகிறோம். செய்தியைத் தொடாமல் பெட்டியை மட்டும் படிக்கிற வாசகர்களும் இருக்கிறார்கள், அதில் ஒரு ரன் பிசகினாலும் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கே வந்துவிடுவார்கள்.