வணக்கமும் புகாரும் ஒரே மெசேஜில்

பிராட்பேண்ட் பில் 1,179 ரூபாயை யுபிஐ-யில் கட்டினேன். வங்கியில் பணம் போய்விட்டது, நிறுவனத்தின் ஆப்பில் மட்டும் பில் பாக்கி என்றே இருந்தது. கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் வாடிக்கையாளர் சேவை சாட்டுக்குப் போனேன்.

போகும் முன் பிராட்பேண்ட் கணக்கு எண்ணையும், கட்டிய பணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் யுடிஆர் எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டேன். யுடிஆர் 12 இலக்கம். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இருக்கும். பக்கத்திலேயே எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான எண் ஒன்றும் இருக்கலாம். அது ஆப் தன் கணக்குக்கு வைத்துக்கொள்வது, அதை மட்டும் கொடுத்தால் எதிரில் இருப்பவருக்குத் தேடுவது கஷ்டம்.

நான் அனுப்பியது இது:

"வணக்கம். பில் 1,179 ரூபாய் நேற்று இரவு 8.40-க்கு யுபிஐ-யில் கட்டினேன். வங்கியில் பணம் கழிந்துவிட்டது, உங்கள் ஆப்பில் பாக்கி என்று காட்டுகிறது. உங்களுக்கு வந்துசேர்ந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? நாளை கடைசித் தேதி. கணக்கு எண், யுடிஆர் கீழே."

வணக்கம் ஒரே சொல்தான். அடுத்த வாக்கியத்திலேயே தொகை வந்துவிடுகிறது. சாட்டில் உட்காருபவர் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பல பேரிடம் பேசிக்கொண்டிருப்பார். "வணக்கம்" என்று மட்டும் அனுப்பிக் காத்திருந்தால் அவரும் "வணக்கம், சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டு வேறு ஆளிடம் போய்விடுவார். நாம் டைப் செய்து முடிப்பதற்குள் அவர் திரும்பி வர நேரமாகும். அதற்காக வணக்கத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. பணத்தைப் பிடித்து வைத்திருப்பது அவர் இல்லையே!

முதலில் வந்தது தானியங்கி மெனு. மெசேஜைப் படிக்காமல் பட்டியலை நீட்டியது. 'பில் கட்டணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன், ஊழியர் வந்ததும் காப்பி செய்து வைத்திருந்த அதே மெசேஜை மறுபடி ஒட்டினேன்.

"வணக்கம் மேடம், யுடிஆர் வச்சுப் பாக்குறேன், ரெண்டு நிமிஷம்" என்றார். வேறு கேள்வியே இல்லை. திரும்பி வந்து, பணம் தங்களுக்கு வரவில்லை, வங்கி வழியே திரும்பிவிடும் என்றார். இப்படி வணிகருக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதனால் பணத்துக்காக அவரிடம் மல்லுக்கட்டவில்லை. தாமதக் கட்டணம் விழாமல் குறிப்பு போட முடியுமா என்று மட்டும் கேட்டேன். போட்டுவிட்டு புகார் எண்ணும் கொடுத்தார்.

அந்த 5 நாள் கெடுவுக்கு முன்பே பணம் திரும்பியது. மறுபடி கட்டினேன், தாமதக் கட்டணம் வரவில்லை.